அறிவிப்புப் பலகையில் மரியாதை: ஆங்கில அறிவிப்பைத் தமிழாக்குவது எப்படி?

தொழிற்சாலைகளின் நுழைவாயில் அருகே உள்ள அறிவிப்புப் பலகையில் பெரும்பாலும் இரண்டு தாள்கள் அருகருகே ஒட்டப்பட்டிருக்கும். ஒன்று ஆங்கிலத்தில் இருக்கும். மற்றொன்று அதன் தமிழாக்கமாக இருக்கும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 108-ஆம் பிரிவு, அச்சட்டப்படி காட்சிக்கு வைக்க வேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், அங்கு வேலை செய்வோரில் பெரும்பான்மையினருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று வகுத்தது. சட்டம் கேட்காத அன்றாட அறிவிப்புகளையும் இரு மொழிகளில் ஒட்டுவது தமிழ்நாட்டில் பழக்கமாகிவிட்டது. ஆங்கிலத் தாளை எழுதுகிறவர் மனிதவளத் துறையில் இருப்பார். அதைத் தமிழாக்கும் வேலை, பல இடங்களில், தமிழ் நன்றாக எழுதுவார் என்று பெயரெடுத்த யாரேனும் ஓர் இளநிலை அலுவலரிடம் வந்து சேரும். இந்தக் கட்டுரை அப்படி முதன்முறையாக அந்த வேலையை ஏற்பவருக்காக எழுதப்படுகிறது.

ஆங்கிலத்தில் எதிரில் இருப்பவரைச் சுட்ட 'யூ' என்ற ஒரே சொல் போதும். நேற்றுச் சேர்ந்த பயிற்சியாளரும் முப்பது ஆண்டுகள் பணியாற்றிய மேற்பார்வையாளரும் அதில் ஒன்றுதான். தமிழில் அப்படி ஒதுங்கிவிட முடியாது. நீ, நீர், நீங்கள், தாங்கள் என்று சொல்லிலேயே படிகள் இருக்கின்றன. முன்னிலைச் சொல்லை எழுதாமல் விட்டாலும் வினைமுற்று அதைக் காட்டிக் கொடுத்துவிடும். 'வை', 'வையுங்கள்', 'வைக்கவும்', 'வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்' ஆகிய நான்கும் ஒரே செயலைத்தான் சொல்கின்றன. ஆனால் படிப்பவர் எந்த இடத்தில் நிறுத்தப்படுகிறார் என்பதை ஒவ்வொன்றும் வேறு விதமாகச் சொல்கிறது. ஆகவே ஆங்கில மூலத்தில் இல்லாத ஒரு முடிவைத் தமிழாக்குபவர் எடுத்தே தீர வேண்டும். எடுக்காமல் நழுவினாலும், வாக்கியம் தானாகவே ஏதோ ஒரு படியில் போய் நின்றுவிடும்.

இதோடு சேர்ந்தே வரும் இன்னொரு குழப்பம் உண்டு. ஓர் அறிவிப்பில் கண்டிப்பும் இருக்கும், மரியாதையும் இருக்கும். புதிதாக மொழிபெயர்ப்பவர்கள் இவ்விரண்டையும் ஒரே தராசின் இரு தட்டுகளாக நினைத்துக்கொள்கிறார்கள். கண்டிப்பைக் காட்ட மரியாதையைக் குறைக்கிறார்கள், மரியாதையைக் காட்ட விதியைத் தளர்த்துகிறார்கள். தமிழில் இவை வெவ்வேறு இடங்களில் குடியிருப்பவை. கண்டிப்பு 'வேண்டும்', 'கூடாது', 'லாம்' போன்ற துணைவினைகளில் இருக்கிறது. மரியாதையோ ஆளைக் குறிக்கும் பெயரிலும், திணை பால் இசைவிலும், குற்றம் சுமத்தும் சொற்களைத் தவிர்ப்பதிலும் இருக்கிறது. மூலத்தில் உள்ள கண்டிப்பை இம்மியும் கூட்டாமல் குறைக்காமல் கொண்டுவர வேண்டும். மரியாதையை நாம்தான் வழங்க வேண்டும். இதை மனத்தில் வாங்கிக்கொண்டால், மீதி எல்லாம் பயிற்சி.

ஒரு மெய்யான வேலையை எடுத்துக்கொண்டு பார்ப்போம். சில ஆண்டுகளுக்கு முன், வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலைக்காக நான் தமிழாக்கிய செல்போன் அறிவிப்பு இது. ஆங்கிலத்தில் ஆறு வாக்கியங்கள் இருந்தன. வேலை நேரத்தில் உற்பத்திப் பகுதியில் சிலர் செல்போன் பயன்படுத்துவது காணப்பட்டிருக்கிறது என்று முதல் வாக்கியம் சொன்னது. பாதுகாப்பு காரணமாக அடுத்த மாதம் 1-ஆம் தேதி முதல் உற்பத்திப் பகுதிக்குள் செல்போன் கொண்டுசெல்வதற்கு இரண்டாவது வாக்கியம் தடை விதித்தது. அதில் இருந்த சொல் 'ஷல் நாட்'. ஷிப்ட் தொடங்குமுன் டைம் ஆபீஸ் அருகில் உள்ள லாக்கரில் செல்போனை வைத்துவிட்டு, முடிந்ததும் எடுத்துக்கொள்ளும்படி மூன்றாவது வாக்கியம் வேண்டியது. அதில் 'ஆர் ரிக்வெஸ்டெட்' என்று இருந்தது. அவசரம் என்றால் குடும்பத்தினர் டைம் ஆபீஸ் எண்ணுக்கு அழைக்கலாம், தகவல் உடனே சேர்க்கப்படும் என்றது நான்காவது. ஐந்தாவதில், மீறுவதாகக் காணப்படும் எவர் மீதும் நிலையாணைகளின்படி ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படலாம் என்ற பொருளில் 'மே' வந்தது. கடைசி வாக்கியம் ஒத்துழைப்புக் கோரியது.

என் முதல் வரைவு இப்படி இருந்தது:

"அறிக்கை. சில தொழிலாளிகள் வேலை நேரத்தில் உற்பத்திப் பகுதியில் செல்போன் உபயோகிப்பது கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. பாதுகாப்பு காரணங்களுக்காக 1-ஆம் தேதி முதல் செல்போன்கள் உள்ளே கொண்டுசெல்லப்படக் கூடாது. தொழிலாளர்கள் தயவுசெய்து தங்கள் செல்போன்களை லாக்கரில் வைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. அவசரம் எனில் தகவல் உடனடியாகத் தெரிவிக்கப்படும். மீறி பிடிபடுபவர் எவராயினும் கடும் நடவடிக்கை எடுக்கப்படும். நாங்கள் உங்கள் ஒத்துழைப்பை எதிர்பார்க்கிறோம்."

ஒட்டுவதற்கு முன் அதை லேத் பிரிவில் இருந்த ஒரு மூத்த ஆபரேட்டரிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். பிறகு, "நாங்க என்ன தம்பி, திருடிட்டா மாட்டினோம்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, அதனால்தான் அந்தக் கேள்வி இன்றும் மனத்தில் நிற்கிறது. ஆங்கிலத் தாளை எடுத்துக்கொண்டு வந்து, அவருக்கு எது அப்படி உறுத்தியது என்று சொல் சொல்லாகப் பார்க்கத் தொடங்கினேன்.

முதலில் தெரிந்தது 'கண்டுபிடிக்கப்பட்டுள்ளது'. ஒளித்துவைத்ததைத்தான் கண்டுபிடிப்பார்கள். ஆங்கில மூலத்தில் அந்த வாடை இல்லை. 'அப்சர்வ்ட்' என்பது பார்த்தோம் என்ற அளவில் நிற்கும் சொல். அதற்கு நம் அலுவலகத் தமிழில் நெடுநாளாக ஒரு நல்ல தொடர் இருக்கிறது: 'நிர்வாகத்தின் கவனத்திற்கு வந்துள்ளது'. இதில் பார்த்தவர் யார், காட்டிக் கொடுத்தவர் யார் என்ற கேள்வியே எழுவதில்லை. ஐந்தாம் வாக்கியத்தில் நான் எழுதிய 'பிடிபடுபவர்' இதைவிட மோசமானது. அது காவல் நிலையத்துச் சொல். 'மீறுவோர்' என்ற ஒரு சொல் அங்கே போதும். அது செயலை மட்டும் சொல்கிறது.

அடுத்தது பெயர்கள். 'தொழிலாளி', 'தொழிலாளர்' இரண்டும் ஒருமையாக வரலாம். ஆனால் 'தொழிலாளி' என்று எழுதத் தொடங்கினால் வினை எளிதாக 'வந்தான்' பக்கம் சரிந்துவிடும், 'தொழிலாளர்' என்றால் அது 'வந்தார்' என்றுதான் முடியும். 'ஆட்கள்', 'வேலையாட்கள்' ஆகிய சொற்களைப் பேச்சில் மேஸ்திரிகள் இயல்பாகச் சொன்னாலும், கையொப்பமிட்ட அறிவிப்பில் அவை ஆளை எண்ணிக்கையாக்கிவிடுகின்றன. தொழிலாளர், ஊழியர், பணியாளர் ஆகிய மூன்றும் மரியாதையில் குறைந்தவை அல்ல. ஆனால் அவை ஒரே கூட்டத்தைக் குறிப்பவையும் அல்ல. தொழிற்சாலையில் 'தொழிலாளர்' என்றால் இயந்திரங்களில் வேலை செய்பவர்களையே பலரும் நினைப்பார்கள்; அலுவலக மேசையில் இருப்பவர்கள், தமக்கு இது பொருந்தாது என்று கடந்துபோவார்கள். எங்கள் ஆங்கில மூலத்தில் 'எம்ப்ளாயீஸ்' என்று இருந்தது. அதாவது மேலாளர்கள் உட்பட அனைவருக்கும் தடை. நான் 'தொழிலாளர்கள்' என்று எழுதியதால், கீழே உள்ளவர்களுக்கு மட்டுமான தடையாக அது மாறிப்போனது. பொருள் பிழை மரியாதைப் பிழையாகவும் ஆன இடம் அது. 'பணியாளர்கள் அனைவரும்' என்று திருத்தினேன்.

மூன்றாவது பிழை மிகப் பரவலானது. அரசு அலுவலகம், வங்கி, கல்லூரி என்று எந்த வளாகத்திலும் அதைக் காணலாம். 'தொழிலாளர்கள் … கேட்டுக்கொள்ளப்படுகிறது' என்ற வாக்கியத்தில் எழுவாய் உயர்திணைப் பன்மை. பயனிலை அஃறிணை ஒருமை. இலக்கணப்படி 'கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்று முடிய வேண்டும். இதை வெறும் இலக்கணப் பிழை என்று கடந்துபோக எனக்கு மனம் வருவதில்லை, ஏனென்றால் மனிதரை அஃறிணையாக்குவதைவிடப் பெரிய மரியாதைக் குறைவு தமிழில் வேறு இல்லை. படிப்பவர் இலக்கணம் பேச மாட்டார். ஆனால் ஏதோ ஒன்று தன்னைத் தாண்டிப் பேசுவதாக உணர்வார். 'எச்சரிக்கப்படுகிறது', 'அறிவுறுத்தப்படுகிறது' என்று முடியும் வாக்கியங்களிலும் இதே கோளாறுதான். எளிய மருந்து, செயலைச் செய்பவரை வாக்கியத்துக்குள் கொண்டுவருவது: 'பணியாளர்கள் அனைவரையும் … வைக்குமாறு நிர்வாகம் கேட்டுக்கொள்கிறது.' இப்போது கேட்பது நிர்வாகம், கேட்கப்படுவது பணியாளர்கள். இருவரும் வாக்கியத்தில் நேருக்கு நேர் நிற்கிறார்கள். செயப்பாட்டு வினையின் சுமையும் இறங்கிவிடுகிறது.

'தயவுசெய்து' பற்றியும் சொல்ல வேண்டும். ஆங்கில அறிவிப்பில் 'ப்ளீஸ்', 'கைண்ட்லி' வரும் இடமெல்லாம் இதைப் போடுவது பழக்கமாகிவிட்டது. தமிழில் 'தயவு' என்ற சொல்லுக்கு இரக்கம் என்ற எடை இன்னும் இருக்கிறது. ஒரு விதியை அறிவிக்கும் நிர்வாகம் இரக்கம் வேண்டி நிற்பதில்லை. அப்படி எழுதினால் கெஞ்சுவது போலவோ, அடுத்த வரியில் வரும் தண்டனையோடு சேர்த்துப் படிக்கும்போது பொய்யாகவோ ஒலிக்கும். '-மாறு கேட்டுக்கொள்கிறது' என்ற முடிவிலேயே அந்தப் பணிவு முழுவதும் அடங்கியிருக்கிறது. மேலே எதுவும் தேவையில்லை. மறுபுறம், மரியாதை என்று நினைத்து 'மதிப்பிற்குரிய தொழிலாளர் பெருமக்களே' என்று தொடங்குகிறவர்களும் உண்டு. அது மேடைக்கு உரியது. லாக்கரில் போன் வைக்கச் சொல்லும் தாளில் அதைப் படிப்பவர், தன்னைக் கேலி செய்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்வார். 'தாங்கள்' என்பதும் அப்படித்தான்: ஒருவர் பெயருக்கு எழுதும் கடிதத்தில் அது பொருந்தும், பொது அறிவிப்பில் பொருந்தாது.

இனி வினைமுற்றுகளுக்கு வருவோம். இங்கேதான் கண்டிப்பு இருக்கிறது, ஆகவே இங்கேதான் மூலத்துக்கு மிக நெருக்கமாக இருக்க வேண்டும்.

'ஷல்' என்ற ஆங்கிலச் சொல்லை எதிர்காலமாக எடுத்துக்கொண்டு, 'பணியாளர்கள் அடையாள அட்டை அணிவார்கள்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அது சோதிடம் போல இருக்கிறது. விதிகளில் வரும் 'ஷல்' கடமையைக் குறிக்கிறது. தமிழில் 'அணிய வேண்டும்'. அதன் எதிர்மறை 'கூடாது'. இந்த இடத்தில் பலர் 'கூடாது' என்பது முரட்டுத்தனமாக இருக்கிறது என்று தயங்கி 'வேண்டாம்' என்று எழுதிவிடுகிறார்கள். 'உள்ளே கொண்டுசெல்ல வேண்டாம்' என்பது அறிவுரை. கொண்டுசென்றால் என்ன என்று கேட்க அதில் இடமிருக்கிறது. 'கொண்டுசெல்லக் கூடாது' என்பது தடை. தடையை அறிவுரையாக்குவது பணியாளருக்குச் செய்யும் மரியாதை அல்ல. விதி தளர்வானது என்று நம்பி ஒருவர் போனை எடுத்துக்கொண்டு போனால், விசாரணையில் நிற்கப்போவது அவர்தான். 'கூடாது' என்ற சொல்லில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அதற்கு திணையோ பாலோ இடமோ கிடையாது. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் ஒரே வடிவம். அதற்கு முன்னால் ஒரு காரணம் இருந்தால் போதும், முரடும் தெரியாது. மூலத்தில் பாதுகாப்பு என்ற காரணம் இருந்தது. அதை வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வைத்தேன். காரணம் எதுவும் மூலத்தில் இல்லாவிட்டால் நாமாக ஒன்றைச் சேர்க்கக் கூடாது. எழுதியவரிடம் கேட்டு, அவர் ஆங்கிலத்திலும் சேர்த்த பிறகே தமிழில் எழுத வேண்டும்.

மூன்றாம் வாக்கியத்தில் இருந்தது வேண்டுகோள். ஆகவே அங்கு 'வேண்டும்' வரக் கூடாது. '-மாறு கேட்டுக்கொள்கிறது' வர வேண்டும். தடையை 'கூடாது' என்றும், அதைப் பின்பற்றும் வழியை வேண்டுகோளாகவும் ஆங்கிலம் பிரித்து வைத்திருந்ததைத் தமிழும் காப்பாற்ற வேண்டும். இடையில் ஒன்று: லாக்கர் பக்கத்தில் தனியாக ஒட்டும் சிறு வழிகாட்டித் தாளில் 'போனை அணைத்து வைக்கவும்', 'சாவியை டைம் ஆபீஸில் கொடுக்கவும்' என்று '-வும்' வடிவத்தைப் பயன்படுத்தலாம். கோயில் வாசலில் 'காலணிகளை வெளியே விடவும்' என்று படித்துப் பழகிய வடிவம் அது. யாரையும் தாழ்த்தாது, யாரையும் தனியாகச் சுட்டாது, இடமும் குறைவாகப் பிடிக்கும். ஆனால் முழு அறிவிப்பையும் '-வும்', '-வும்' என்று முடித்தால் கட்டளைகளின் வரிசை போலாகிவிடும்.

'மே' என்ற சொல் இரண்டு இடங்களில் இரண்டு பொருளில் வந்தது. குடும்பத்தினர் அழைக்கலாம் என்பது அனுமதி. நடவடிக்கை எடுக்கப்படலாம் என்பது வாய்ப்பு. தமிழின் 'லாம்' இரண்டுக்கும் இடம் கொடுப்பதால் இங்கே சிக்கல் இல்லை. 'மே நாட்' என்று வந்தால் மட்டும் கவனம் வேண்டும். அது பெரும்பாலும் தடை, 'கொண்டுசெல்லாமல் இருக்கலாம்' என்று எழுதினால் பொருளே தலைகீழாகிவிடும்.

ஐந்தாம் வாக்கியத்தில் நான் செய்த பிழைதான் எல்லாவற்றிலும் பெரியது. 'எடுக்கப்படலாம்' என்று இருக்க வேண்டியதை 'கடும் நடவடிக்கை எடுக்கப்படும்' என்று எழுதியிருந்தேன். 'கடும்' மூலத்தில் இல்லவே இல்லை. பழக்கத்தில் கை தானாக எழுதியது. 'படும்' என்பது முடிவான சொல். தண்டனைக்கு முன் குற்றச்சாட்டை எழுத்தில் தெரிவித்து, விளக்கம் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும் என்பது நிலையாணைகளின் அடிப்படை நடைமுறைகளில் ஒன்று. விளக்கத்தைக் கேட்டபின் நடவடிக்கை தேவையில்லை என்று முடிவாகவும் கூடும். 'மே' அந்த இடத்தைத் திறந்து வைத்திருந்தது. என் தமிழ் அதை மூடிவிட்டது. 'நடவடிக்கை எடுக்க நேரிடும்' என்று எழுதலாமா என்று சிலர் கேட்பார்கள். கேட்க மென்மையாகத்தான் இருக்கிறது, ஆனால் அதன் பொருள் வேறு வழியின்றி எடுத்தே ஆவோம் என்பது. தொனி குறைந்து கண்டிப்பு கூடியிருக்கிறது. இது போன்ற சொற்களில்தான் இரண்டையும் தனித்தனியாக எடைபோட வேண்டும்.

அதே துறையில் 'மிஸ்காண்டக்ட்' என்ற சொல் அடிக்கடி வரும். 'தீய நடத்தை' என்று எழுதினால் ஒருவருடைய குணத்தையே பழிப்பதாகிவிடும். 'ஒழுங்கீனச் செயல்' என்றால் செயலோடு நின்றுவிடும்.

இனி 'நாங்கள்', 'நாம்'. ஆங்கிலத்தின் 'வீ' கேட்பவரைச் சேர்க்கிறதா விலக்குகிறதா என்று சொல்லாது. தமிழ் சொல்லியே ஆக வேண்டும். 'நாங்கள் உங்கள் ஒத்துழைப்பை எதிர்பார்க்கிறோம்' என்று நான் எழுதிய வாக்கியம், கடைசி வரியில் ஒரு கோடு கிழித்து இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் நீங்கள் என்று நிறுத்திவிட்டது. தொழிற்சாலையைக் குறிக்கும்போது 'நமது தொழிற்சாலை' என்பது இயல்பானது, உண்மையும்கூட: அங்கே நாள்தோறும் எட்டு மணி நேரம் இருப்பவர்களுக்கும் அது உரியதுதான். ஆனால் இந்த 'நாம்' எல்லா இடத்துக்கும் நீளாது. 'நாம் ஒழுங்கு நடவடிக்கை எடுப்போம்' என்று எழுதினால் நடவடிக்கைக்கு உள்ளாகப்போகிறவரையும் எடுப்பவராக்குகிறோம். அதிகாரம் பேசும் இடத்தில் 'நிர்வாகம்' என்று பெயர் சொல்லிவிடுவதே நேர்மையானது.

நான்காம் வாக்கியத்தில் ஒரு வாக்குறுதி இருந்தது. தகவல் உடனே தெரிவிக்கப்படும் என்று செயப்பாட்டு வினையில் எழுதினால், யார் தெரிவிப்பார் என்பது தெரியாது. போனை லாக்கரில் விட்டுவிட்டுப் போகும் ஒரு தாய்க்கு, பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் தன்னிடம் வந்து சொல்லப்போவது யார் என்று தெரிய வேண்டும். மனிதவளத் துறையிடம் கேட்டேன். டைம் ஆபீஸில் பணியில் இருப்பவர்தான் நேரில் வந்து சொல்வார் என்றார்கள். அதை ஆங்கிலத்திலும் சேர்க்க ஒப்புக்கொண்டார்கள். தமிழில் 'டைம் ஆபீஸ் அலுவலர் உடனே நேரில் தெரிவிப்பார்' என்று வந்தது. என் முதல் வரைவில், குடும்பத்தினர் அழைக்கலாம் என்ற பாதியே விடுபட்டிருந்தது என்பதையும் அப்போதுதான் கவனித்தேன்.

தலைப்பைப் பற்றிச் சுருக்கமாக. 'அறிக்கை' என்பது ஒன்றைப் பற்றிய விவரம் அல்லது ஒருவர் விடுக்கும் கூற்று. துறைகளுக்கு அனுப்பும் சுற்றோலை 'சுற்றறிக்கை'; இலங்கையில் இதைச் 'சுற்றுநிருபம்' என்பார்கள். பலகையில் ஒட்டுவது 'அறிவிப்பு'. மூலத்தில் இல்லாத 'எச்சரிக்கை' என்ற தலைப்பை ஒருபோதும் இட வேண்டாம்.

இவை அனைத்தும் சேர்ந்து திருந்திய வடிவம் இது:

"அறிவிப்பு

பணியாளர்களில் சிலர் வேலை நேரத்தில் உற்பத்திப் பகுதியில் செல்போன் பயன்படுத்துவது நிர்வாகத்தின் கவனத்திற்கு வந்துள்ளது.

பாதுகாப்பைக் கருதி, வரும் மாதம் 1-ஆம் தேதி முதல் நமது தொழிற்சாலையின் உற்பத்திப் பகுதிக்குள் செல்போன் கொண்டுசெல்லக் கூடாது.

பணியாளர்கள் அனைவரையும், ஷிப்ட் தொடங்குவதற்கு முன் தங்கள் செல்போனை டைம் ஆபீஸ் அருகில் அமைக்கப்பட்டுள்ள லாக்கரில் வைத்துவிட்டு, ஷிப்ட் முடிந்ததும் எடுத்துக்கொள்ளுமாறு நிர்வாகம் கேட்டுக்கொள்கிறது.

அவசரத் தேவை ஏற்பட்டால், குடும்பத்தினர் டைம் ஆபீஸ் தொலைபேசி எண்ணுக்கு அழைக்கலாம். தகவலை டைம் ஆபீஸ் அலுவலர் உரியவரிடம் உடனே நேரில் தெரிவிப்பார்.

இந்த விதியை மீறுவோர் மீது நிலையாணைகளின்படி ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படலாம்.

அனைவரின் ஒத்துழைப்பையும் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
நிர்வாகம்"

இதில் 'நீங்கள்' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை என்பதைக் கவனியுங்கள். பொது அறிவிப்பில் முன்னிலையைத் தவிர்த்துப் படர்க்கையில் எழுதுவது, படி எது என்ற கேள்வியிலிருந்தே நம்மை விடுவிக்கிறது. 'பணியாளர்கள் அனைவரையும்' என்றால் அதில் மேலாளரும் இருக்கிறார், உதவியாளரும் இருக்கிறார். ஒருவர் பெயருக்கு அனுப்பும் குறிப்பாணையில் இந்த வசதி கிடையாது. அங்கே முன்னிலை வந்தே தீரும். 'நீங்கள்' அல்லது 'தாங்கள்' என்பதில் ஒன்றைத் தேர்ந்து, பெறுபவரின் பதவி எதுவானாலும் அந்நிறுவனத்தின் எல்லாக் குறிப்பாணைகளிலும் அதையே ஆள வேண்டும். மேலாளருக்குத் 'தாங்கள்', ஆபரேட்டருக்கு 'நீர்' என்று பிரித்து எழுதும் பழைய வழக்கத்தைத் தொடரக் காரணமே இல்லை.

எழுதி முடித்ததும் செய்து பார்க்க இரண்டு சோதனைகள் உண்டு. முதலாவது, ஆங்கிலத் தாளை மறைத்துவிட்டு, அதைப் பார்த்திராத ஒருவரிடம் தமிழ்த் தாளைக் கொடுத்து, ஒவ்வொரு வாக்கியமும் கட்டாயமா, வேண்டுகோளா, அனுமதியா, வாய்ப்பா என்று கேட்பது. அவர் சொல்வதை மூலத்தோடு ஒப்பிட்டால் கண்டிப்பு எங்கே நழுவியது என்று தெரிந்துவிடும். இரண்டாவது மரியாதைக்கான சோதனை: வாக்கியத்தில் 'பணியாளர்' இருக்கும் இடத்தில் 'பொது மேலாளர்' என்று போட்டுப் படிப்பது. 'பொது மேலாளர் செல்போனுடன் பிடிபட்டால்' என்று எழுதக் கை வருமா? வராது என்றால், அந்தச் சொல் ஆபரேட்டருக்கும் வேண்டாம்.

திருந்திய தாளைப் பார்த்த மனிதவள மேலாளர், தமிழ் மென்மையாக இருக்கிறது, 'எடுக்கப்படும்' என்று போட்டுவிடலாமே என்றார். அவருடைய ஆங்கிலத் தாளில் இருந்த 'மே' என்ற சொல்லைக் காட்டி, மாற்றுவதென்றால் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும், அதை நீங்களே முடிவு செய்யுங்கள் சார் என்றேன். அவர் சற்று நேரம் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு இரண்டையும் அப்படியே ஒட்டச் சொல்லிவிட்டார்.